ஒரே கறை மூன்று முறை

ஒரு வீட்டு வரவேற்பறையின் படம். சுவர் வழவழப்பானதல்ல, மணல் தெரியப் பூசி, மேலே வெளிர் மஞ்சள் அடித்த சொரசொரப்புச் சுவர். அதன் நடுவில் ஒரு பழைய சுவிட்சு போர்டு துருத்திக்கொண்டிருக்கிறது. படத்தில் அது வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். ஸ்டுடியோவில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் போர்டைச் சுற்றி ஒரு கட்டம் போடுகிறார். போட்டோஷாப்பின் கன்டென்ட்-அவேர் ஃபில் வசதியை இயக்குகிறார். சில நொடிகளில் போர்டு மறைந்து, அந்த இடத்தில் சுவர் வந்துவிடுகிறது. மணல் மணலாகச் சொரசொரப்பும் இருக்கிறது. வேலை முடிந்தது என்றுதான் தோன்றும்.

படத்தைச் சற்றுச் சிறிதாக்கிப் பார்த்தால்தான் வில்லங்கம் தெரிகிறது. போர்டு இருந்த இடத்துக்கு மேலே, சுவரில் அவரைவிதை வடிவில் ஒரு சின்ன ஈரக்கறை இருந்தது. இப்போது அதே அவரைவிதை அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே மற்றொன்று என மூன்றாக நிற்கிறது. மூன்றும் ஒரே அளவு; மூன்றுக்கும் ஒரே பக்கம் வளைவு. ஒன்றாக இருந்தவரை எவர் கண்ணிலும் படாத கறை, மூன்றானதும் படம் பார்க்கிற எல்லார் கண்ணிலும் படுகிறது.

இது ஏதோ அந்த ஒரு படத்தின் கோளாறு அல்ல. சொரசொரப்பான சுவர், மணல்வெளி, புல்தரை, சிமெண்ட் தரை என்று எங்கெல்லாம் பரப்பு ஒழுங்கற்ற பொடிப்பொடியான உருவங்களால் ஆனதோ அங்கெல்லாம் இந்த மறுபடித் தோன்றல் வரும். ஏன் வருகிறது என்று தெரிய, அந்த வசதி எந்த இடத்துப் பிக்சலை எடுத்து எங்கே வைக்கிறது, எப்படி முடிவெடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கன்டென்ட்-அவேர் ஃபில் முதன்முதலில் 2010இல் போட்டோஷாப் சிஎஸ்5 பதிப்பில் வந்தது. அதற்கு அடித்தளம், முந்தைய ஆண்டு சிக்ராஃப் மாநாட்டில் கானலி பார்ன்ஸ், எலி ஷெக்ட்மன், ஆடம் ஃபின்கெல்ஸ்டைன், டான் கோல்ட்மன் ஆகிய நால்வர் வெளியிட்ட ‘பேட்ச்மேட்ச்’ என்ற செயல்முறை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் அடோபி நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு அது. நிரப்புவதில் அதற்கு இருக்கும் கொள்கை ஒரே ஒரு வரிதான்: காலியிடத்துக்குள் வைக்கும் எந்தச் சிறு துண்டும், படத்தின் மீதிப் பகுதியில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும் ஒரு துண்டைப் போலவே இருக்க வேண்டும். சுவர் என்றால் என்ன, சுவிட்சு என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. அது புதிதாக எதையும் வரைவதும் இல்லை. இருக்கிற படத்திலிருந்து எடுத்து வைக்கிறது, அவ்வளவுதான்.

துண்டு என்பது பெரும்பாலும் 7 பிக்சல் அகலம், 7 பிக்சல் உயரம் கொண்ட ஒரு சதுரம். மொத்தம் 49 பிக்சல். இரண்டு துண்டுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்க்க, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பிக்சலுக்குப் பிக்சல் நிறத்தைக் கழித்து, அந்த வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டிக்கொள்கிறது. கூட்டுத்தொகை குறைந்தால் ஒற்றுமை அதிகம்.

நம் படம் 3000க்கு 2000 பிக்சல், போர்டு இருந்த இடம் 400க்கு 400 என்று வைத்துக்கொள்வோம். காலியிடத்தில் 1,60,000 பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நடுவாகக் கொண்ட துண்டுக்குப் படம் முழுக்கத் துணை தேடினால், ஏறத்தாழ 60 லட்சம் இடங்களில் ஒப்பிட வேண்டும். மொத்தம் 96,000 கோடி ஒப்பீடு. ஒரு சுற்றுக்கே இவ்வளவு என்றால் ஸ்டுடியோக்காரர் பகல் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வரலாம்.

பேட்ச்மேட்ச் செய்தது, தேடுவதை விட்டுவிட்டு ஊகிக்கத் தொடங்கியதுதான். முதலில் ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணைமூடிக்கொண்டு படத்தில் ஏதோ ஓர் இடத்தைத் துணையாகக் கொடுத்துவிடுகிறது. அநேகமாக எல்லாமே தவறாகத்தான் இருக்கும். ஆனால் 100 பேர் ஆளுக்கொரு எண்ணை 1 முதல் 100க்குள் கண்மூடித்தனமாகச் சொன்னால், அவர்களில் ஒருவராவது குறிப்பிட்ட எண்ணைச் சொல்லிவிடும் வாய்ப்பு 63 சதவீதம். அதுபோல, ஆயிரக்கணக்கான துண்டுகள் குருட்டாம்போக்கில் ஊகிக்கும்போது எங்கோ ஒன்றிரண்டு சரியாக அமைந்துவிடும்.

அந்த ஒன்றிரண்டே போதும். அடுத்த படி, அக்கம்பக்கத்தாரிடம் கேட்பது. ஒரு துண்டுக்கு நல்ல துணை கிடைத்திருந்தால், அதன் வலப்பக்கத்துத் துண்டுக்கு அந்தத் துணையின் வலப்பக்கம்தான் பொருத்தமாக இருக்கும். படம் என்பது தொடர்ச்சியான பரப்பாயிற்றே. எனவே ஒவ்வொரு துண்டும் தன் இடப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் பார்த்து, “நீ எங்கிருந்து எடுத்தாய்?” என்று கேட்டுக்கொள்கிறது, அதற்கு அடுத்த இடத்தைத் தான் எடுத்துப் பார்க்கிறது. அடுத்த சுற்றில் கீழிருந்தும் வலமிருந்தும் இதே விசாரிப்பு நடக்கும். கூடவே, கிடைத்த துணையைச் சுற்றி முதலில் தூரத்திலும், பிறகு பாதித் தூரத்திலும், பிறகு அதில் பாதியிலுமாகச் சில இடங்களைச் சோதித்துப் பார்க்கும். ஒரு துண்டுக்கு ஒரு சுற்றில் பத்துப் பதினைந்து ஒப்பீடு. நான்கைந்து சுற்றில் பெரும்பாலான துண்டுகளுக்கு நல்ல துணை அமைந்துவிடுகிறது. 96,000 கோடியாக இருந்த வேலை ஒரு கோடிச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. இந்த வசதியைச் சாதாரணக் கணினியில் நொடிகளில் ஓடவைத்தது இந்தச் சுருக்கம்தான்.

அவரைவிதைக் கறை பெருகியதன் விதையும் இந்தச் சுருக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்துத் துண்டு எடுத்த இடத்துக்கு அடுத்த இடத்தை எடு, அதற்கடுத்தது அதற்கடுத்ததை எடு என்று போனால், கடைசியில் நடப்பது தனித்தனிப் பிக்சல் பொறுக்குவது அல்ல. சுவரின் ஒரு பெரிய பாளத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து பதிப்பது. பாளத்துக்குள் கறை இருந்தால் கறையும் கூட வரும்.

அதை ஏன் எதுவும் தடுப்பதில்லை? காலியிடத்தின் விளிம்பில் மட்டும்தான் அசல் சுவரோடு பொருந்த வேண்டிய கட்டாயம் இருக்கிறது. உள்ளே அசல் எதுவும் இல்லை. உள்ளே வைக்கும் துண்டு ‘படத்தில் எங்கோ இருக்கும் துண்டைப் போல’ இருந்தால் போதும். அப்படியே பிரதி எடுத்த பாளம் அந்த நிபந்தனையை நூற்றுக்கு நூறு நிறைவேற்றுகிறது. அதன் உட்புறத்தில் பிழைக்கணக்கு பூஜ்யம். பிழை வருவதெல்லாம் இரண்டு பாளங்கள் சந்திக்கும் தையலில் மட்டும். ஆக, மொத்தப் பிழையைக் குறைக்க எளிய வழி தையல்களைக் குறைப்பது, அதாவது பாளங்களைப் பெரிதாக்குவது. ‘ஒரே இடத்திலிருந்து இரண்டு முறை எடுக்காதே’ என்று விதி எதுவும் இல்லை. ஒரே இடத்தை எத்தனை துண்டுகள் வேண்டுமானாலும் துணையாகக் கொள்ளலாம்.

இந்தக் குணம் பேட்ச்மேட்ச்சோடு பிறந்ததும் அல்ல. 1999இல் பெர்க்லியில் அலெக்ஸி எஃப்ரோஸும் தாமஸ் லியூங்கும் ஒரு மாதிரியிலிருந்து பிக்சல் பிக்சலாகப் பரப்பை வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையிலேயே இரண்டு ஆபத்துகளைச் சொல்லியிருந்தார்கள். ஒன்று, வழிதவறிக் குப்பையாக வளர்வது. மற்றொன்று, மாதிரியின் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு அதையே பிரதி எடுத்துக்கொண்டே போவது. பத்தாண்டு கழித்து வந்த வேகமான முறையும் இதே இரண்டு கரைகளுக்கு நடுவில்தான் ஓடுகிறது.

மற்றக் கரையையும் பார்த்துவிட வேண்டும். காலியிடத்தின் ஒரு பிக்சலைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று படியும் 49 துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் துணையைப் பார்த்து, ‘இந்தப் பிக்சல் இந்த நிறமாக இருக்கட்டும்’ என்று ஓட்டுப் போடுகிறது. ஓட்டுகளின் சராசரிதான் கடைசி நிறம். 49 துண்டுகளும் ஒரே பாளத்திலிருந்து வந்தவை என்றால் எல்லா ஓட்டும் ஒன்றே. மணல் மணலாகத் துல்லியமாக வரும், ஆனால் அது பிரதி. 49ம் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை என்றால் பிரதி இல்லை. ஆனால் சராசரியில் மணல் கரைந்து, சுவர் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். துல்லியம் வேண்டுமானால் பிரதி, பிரதி வேண்டாமானால் மங்கல். சொரசொரப்புச் சுவரில் இந்த முறையின் இக்கட்டு இதுவே. ஸ்டுடியோக்காரர்கள் ‘இங்கே ரிப்பீட் ஆகுது, அங்கே ப்ளர் அடிக்குது’ என்று இரண்டு தனித்தனிக் குறைகளாகச் சொல்வது உண்மையில் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

செங்கல் சுவரில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பரப்பே திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கால் ஆனது. ஒரு செங்கல் அகலம் தள்ளி எடுத்த பாளம் சரியாகப் பொருந்தும். மறுபடி வருவது அங்கே குறையே அல்ல. மணல் பூச்சில் அப்படிச் சரியான தூரம் என்று ஒன்று கிடையாது.

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது; சற்றுப் பொறுமையோடு பார்த்தால் மிக அழகானது. சுவரின் மணல், சராசரி நிறத்திலிருந்து ஏறத்தாழ 8 அளவு மேலும் கீழும் ஆடுகிறது என்று கொள்வோம். மணல் தெரியும் ஒரு துண்டை, நிறம் மாறாத வழவழப்பான துண்டோடு ஒப்பிட்டால் ஒரு பிக்சலுக்கு வரும் வேறுபாட்டின் வர்க்கம் சராசரியாக 64. அதே துண்டை வேறோர் இடத்து மணல் துண்டோடு ஒப்பிட்டால்? இரண்டும் தனித்தனியே ஆடுவதால் வேறுபாடு 128. மணலுக்கு மணலைவிட வழவழப்பே இருமடங்கு நெருக்கம்! நம் கண்ணுக்கு இது தலைகீழ்த் தீர்ப்பு. கழித்து வர்க்கம் கூட்டும் கணக்குக்கு இதுவே நியாயம்.

இதனால் நடப்பதைப் பாருங்கள். தொடக்கச் சுற்றுகளில் காலியிடம் மங்கலாகத்தான் இருக்கும். மங்கலான துண்டு தனக்குத் துணை தேடும்போது, சுவரில் எங்கே மணல் மிகக் குறைவாகத் தெரிகிறதோ அந்த இடத்தைப் போய்ப் பிடிக்கிறது. சுவரில் அப்படிப்பட்ட இடங்கள் சிலவே. ஊரில் ஒரே கடை திறந்திருந்தால் எல்லாரும் அங்கேதான் போய் நிற்பார்கள். நூற்றுக்கணக்கான துண்டுகள் அந்தச் சில இடங்களையே துணையாகக் கொள்கின்றன. ஈரம் ஊறி மணல் மங்கிய அவரைவிதைக் கறை அந்தக் கடைகளில் ஒன்று.

போதாக்குறைக்கு, இந்த வேலை முழு அளவில் தொடங்குவதும் இல்லை. படத்தைப் பாதி, அதில் பாதி என்று சுருக்கிக்கொண்டே போய், மிகச் சிறிய படத்தில் முதலில் நிரப்பிவிட்டு, அந்த விடையை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு படியாகப் பெரிதாக்குகிறது. 400 பிக்சல் ஓட்டை நான்கு முறை சுருங்கினால் 25 பிக்சல். ஐந்தாறு பிக்சல் அகல மணல் அந்த அளவில் அடியோடு மறைந்துபோகும். 90 பிக்சல் அகலமுள்ள கறை மட்டும் ஐந்தாறு பிக்சலாகத் தெரியும். எந்தப் பாளம் எங்கே போக வேண்டும் என்ற பெரிய முடிவு, மணலே கண்ணில் படாத அந்த நிலையில் எடுக்கப்பட்டுவிடுகிறது. பிறகு பெரிதாக்கும்போது நடப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத் திருத்தமே.

இவ்வளவுக்கும் பிறகு, சுவர் முழுக்க எடுக்க இடம் இருக்கும்போது ஏன் போர்டுக்கு மேலே உள்ள அதே பட்டையிலிருந்தே எடுத்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. வெளிச்சம்தான் காரணம். ஜன்னல் இடப்பக்கம் இருக்கிறது. இடமிருந்து வலமாகப் போகப் போகச் சுவர் மெல்ல இருள்கிறது. நம் கண் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ‘ஒரே மஞ்சள் சுவர்’ என்று எடுத்துக்கொள்கிறது. கணக்குக்கோ 10 அளவு வெளிச்ச வேறுபாடு என்பது ஒவ்வொரு பிக்சலிலும் 100 கூடுதல் பிழை. மணல் வேறுபாட்டின் 128 எங்கும் தவிர்க்க முடியாதது. அதன்மேல் இந்த 100ம் சேர்ந்தால் அந்த இடம் போட்டியிலிருந்து விலகிவிடும். எனவே ஓட்டைக்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ள, அதே வெளிச்சம் கொண்ட குறுகிய பட்டைதான் மிச்சம். நம் படத்தில் கீழே சோபா வந்துவிடுகிறது, மேலே ஒரு படச்சட்டம். எஞ்சிய சின்னப் பட்டையில் கறை இருந்தது. ஓட்டையின் மேல் பாதியும் கீழ் பாதியும் அங்கிருந்தே பாளம் எடுத்தன. அதனால்தான் மூன்று கறைகளும் ஒரே நேர்கோட்டில், மேலிருந்து கீழாக நின்றன. மறுபிரதிகள் எந்தத் திசையில் வரிசை கட்டுகின்றன என்று பார்த்தாலே வெளிச்சம் எந்தத் திசையில் மாறுகிறது என்று ஊகித்துவிடலாம்.

காரணம் இதுவென்றால், கைவைக்க வேண்டிய இடமும் தெளிவு. 2018 அக்டோபரில் வந்த போட்டோஷாப் சிசி 2019 பதிப்பிலிருந்து Edit > Content-Aware Fill என்று தனிப் பணியிடம் திறக்கிறது. எந்தப் பகுதியிலிருந்து பிக்சல் எடுக்கப் போகிறது என்பதை அது பச்சை நிறத்தில் காட்டும். அந்தப் பச்சையைத் தூரிகையால் அழிக்கலாம், சேர்க்கலாம். நம் படத்தில் முதல் வேலை, கறையின் மேலிருக்கும் பச்சையை அழிப்பது. சோபா விளிம்பையும் படச்சட்டத்தையும் அழிப்பது. மூலத்தில் இல்லாத கறை ஓட்டைக்குள் வர வழியே இல்லை.

அடுத்தது Color Adaptation. எடுத்துவரும் பாளத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சேரும் இடத்துக்கு ஏற்பச் சற்று மாற்றிக்கொள்ள இது அனுமதிக்கிறது. கூட்டினால், வெளிச்சம் மாறும் சுவரில் தொலைவில் உள்ள மணலும் போட்டிக்குள் வரும்; மூலம் விரியும்; மறுபடி வருவது குறையும். சுவருக்கு இதுவே முதலில் தொட வேண்டிய அமைப்பு.

Rotation Adaptation, Mirror இரண்டையும் சுவரில் யோசித்துத்தான் தொட வேண்டும். துண்டைச் சுழற்றியோ கண்ணாடிபோல் திருப்பியோ வைத்தால் பிரதி என்பது எளிதில் தெரியாதுதான். ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு மணலுக்கும் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலும் உண்டு. இடவலமாகத் திருப்பிய பாளத்தில் நிழல் ஜன்னல் பக்கம் விழும். அந்த இடம் மட்டும் மேட்டுக்குப் பதில் குழியாகத் தெரியும்.

பெரிய ஓட்டையை ஒரே மூச்சில் நிரப்பாமல் இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மூல இடத்தைக் காட்டுவதும் பலன் தரும். இதில் ஒரு கண்ணி உண்டு: முதலில் நிரப்பிய பகுதி இரண்டாவதற்கு மூலமாகிவிடக் கூடாது. அதன் மேலிருக்கும் பச்சையையும் அழித்துவிட வேண்டும். இல்லையென்றால் பிரதியின் பிரதி பிறக்கும். சரியாக வரவில்லையே என்று அதே இடத்தில் மீண்டும் மீண்டும் நிரப்பிப் பார்ப்பவர்களின் படத்தில் சுவர் சட்டென்று செதில் செதிலாக மாறுவது இதனால்தான்.

மறுபிரதி உண்டா என்று சோதிக்கவும் நல்ல வழி இருக்கிறது. அடுக்கை இரட்டித்து, மேலடுக்கை Difference முறைக்கு மாற்றினால் படம் முழுக்கக் கறுப்பாகும். மேலடுக்கை மெல்ல நகர்த்தினால் எல்லா இடமும் புள்ளி புள்ளியாக வெளிறும். நகர்த்திக்கொண்டே போகையில் ஓரிடம் மட்டும் திடீரென்று திட்டாகக் கறுத்தால், அங்கே அந்தத் தூரத்துக்குத் தள்ளி எடுத்த பிரதி இருக்கிறது. Color Adaptation போட்டிருந்தால் திட்டு முழுக் கறுப்பாக இராது, மங்கிய சாம்பலாக இருக்கும்.

‘ஒரே இடத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்தாதே’ என்ற விதியைச் செயல்முறைக்குள்ளேயே வைத்தவர்களும் உண்டு. 2015இல் அலெக்ஸாண்டர் காஸ்பரும் அவர் குழுவினரும் பரப்பு உருவாக்குவதற்காக வெளியிட்ட முறையில், எந்தெந்த இடம் எத்தனை முறை எடுக்கப்பட்டது என்று கணக்கு வைத்து, அதிகம் எடுத்த இடத்துக்கு அபராதம் போடுகிறார்கள். தனிச் சுவரை மட்டும் பெருக்க அது நல்ல விதி. ஒரு முழுப் புகைப்படத்தில் அதையே கண்மூடி வைத்தால், சோபாவும் ஜன்னலும்கூடத் தங்கள் பங்குக்குச் சுவருக்குள் வர உரிமை கேட்கும். பொதுவான கருவி ஒன்றில் அந்த விதியை எளிதாகச் சேர்த்துவிட முடியாது என்பது இதிலிருந்து புரியும். எதிலிருந்து எடுக்கலாம் என்று மனிதர் கை காட்டும் பச்சை நிறம்தான் இப்போதைக்கு நம்பகமான வழி.

மறுபிரதியைக் கண்டுபிடிப்பது ஸ்டுடியோவுக்கு வெளியிலும் தேவைப்படும் வேலை. 2006இல் பெய்ரூட் குண்டுவீச்சுப் படமொன்றில் ஒரே புகைச்சுருள் திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்தே அது ஒட்டுவேலை என்று வெளிப்பட்டது. ராய்ட்டர்ஸ் அந்தப் படத்தைத் திரும்பப் பெற்றது. 2008இல் ஈரான் ஏவுகணைச் சோதனைப் படத்தில் நான்காவது ஏவுகணையைக் காட்டிக்கொடுத்ததும் பிரதி எடுத்த புகைதான். அவை இரண்டும் இந்த வசதி வருவதற்கு முந்தையவை. 2015இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் கொசோலினோ, போஜி, வெர்டொலிவா மூவரும், ஒரு படத்துக்குள் ஓரிடத்தை எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டிய மோசடியைக் கண்டறிய ஒரு முறை வெளியிட்டார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் படத்துக்குள்ளேயே துணை தேடி, ஒரே தூரத்துக்குத் தள்ளித் துணை கிடைக்கும் துண்டுகள் எங்கே கூட்டமாக நிற்கின்றன என்று அது பார்க்கிறது. அந்தத் தேடலுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட செயல்முறை பேட்ச்மேட்ச்.